டாக்சி ஓட்டுநரின் புகையில்லா முதல் வாரம்: சிறுகதையாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தக் கதையை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஏழு நாள், ஏழு பகுதி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகி, ஏழாம் நாள் சிக்னலில் உச்சக்கட்டம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சிகரெட்டை விட்டுப் பார்த்த எவரும் பாதியிலேயே ‘இதை எழுதியவருக்கு இது தெரியாது’ என்று கண்டுபிடித்துவிடுவார். உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் ரகளை இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியத் தொடங்கும். அதற்கப்புறம் ஓட்டுநரைப் பிடிப்பது வேறொன்று: இடம். பழகிய இடத்தில் வண்டி நின்றால் கிளம்பி வரும் தவிப்பு.

ஆக இந்த வாரத்துக்கு இரண்டு எதிராளிகள். ஏறக்குறைய நான்காம் நாளில் ஆள் மாறுகிறது. கதையின் அமைப்பு முழுக்க இந்த மாற்றத்தின்மேல்தான் நிற்க வேண்டும். கீழே வரும் படிகள் சுமார் 2000 சொல் கொண்ட கதையை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: முதல் வரிக்கு முன்னால் ஒரு கணக்கு

ஓட்டுநரின் பெயரையும் குடும்பத்தையும் யோசிப்பதற்கு முன்னால், அவன் ஒரு நாளில் எத்தனை சிகரெட்டை எங்கெங்கே பிடித்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வயது 38. பத்து மணி நேர ஓட்டம். நாளுக்கு 20 சிகரெட். எழுந்ததும் வீட்டில் 2, ஸ்டாண்டில் காத்திருக்கும்போது 6, சாப்பாட்டுக்குப் பிறகு 2, படுக்கும் முன் 1. மிச்சமுள்ள 9 வண்டிக்குள், சவாரி இல்லாத நேரத்தில்.

அந்த ஒன்பதுதான் கதை. இப்போது அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு சிகரெட் எரிந்து முடிய ஐந்தாறு நிமிஷம் ஆகும். சிவப்பு விளக்கு ஒன்றரை நிமிஷம் எரிந்தாலே அதிகம். அப்படியானால் அவன் சிக்னலில் சிகரெட் பிடிக்கவில்லை, சிக்னலில் பற்றவைத்தான். பிடித்தது ஓடும்போது. ஏன் சிக்னலில் பற்றவைத்தான் என்றால், அங்கேதான் இரண்டு கையும் ஓய்ந்திருந்தன. ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை அப்படியே சட்டைப் பைக்குப் போகும். இன்னொரு கை கதவிலிருக்கும் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கும். பிறகு லைட்டர். வருஷக்கணக்கில் ஒரு நாளைக்கு ஒன்பது முறை நடந்த இந்த வரிசை இப்போது அவன் மூளையில் இல்லை, தோளில் இருக்கிறது. அவன் சிகரெட்டை விட்ட முதல் நாள் காலையில் கை தானாகவே பைக்குப் போகும். பை காலியாக இருக்கும். கதையில் இதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கணக்கைப் போட்டால் தானாக வந்து விழும்.

பயணி ஏறியிருக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம் ஆள் பயணியை வைத்துக்கொண்டு ஒருநாளும் பிடித்ததில்லை. ஒரு மணி நேரச் சவாரியில் ஒரு மணி நேரமும் சும்மா இருந்து பழகியவன். அதனால் விட்டபிறகும், பின்சீட்டில் ஆள் இருக்கிறவரை தவிப்பு அடங்கியே இருக்கும். இறங்கப்போகிற இடம் நெருங்க நெருங்கக் கூடும். இது கற்பனை அல்ல. 2010-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம் பறக்கும்போதே தவிப்பின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, தரையிறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே தவிப்பைத் தீர்மானித்தது. குறுகிய பயணம் முடியும் நேரத்தில் இருந்த தவிப்பு, நீண்ட பயணத்தில் அதே அளவு மணி நேரம் கழிந்தபோது இல்லை. உங்கள் கதையில் பின்கதவு சாத்தப்படும் சத்தம் ஒரு தீக்குச்சி உரசும் சத்தத்துக்குச் சமம். அதை வீணாக்காதீர்கள்.

படி 2: இரண்டு கடிகாரங்கள்

உடம்பின் கடிகாரம் இது. ரத்தத்தில் உள்ள நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இரவு தூங்கி எழும்போது பெரும்பகுதி போயிருக்கும். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு 4 முதல் 24 மணி நேரத்துக்குள் எரிச்சல், நிலைகொள்ளாமை, கவனம் சிதறுதல், தூக்கக் கேடு, பசி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும்.

இத்தனையையும் ஒரே கதையில் போட்டால் மருந்துச்சீட்டுபோல ஆகிவிடும். இரண்டை மட்டும் எடுங்கள், அவை ஓட்டுகிறவனின் தொழிலில் தெரிய வேண்டும். கவனச் சிதறல் என்றால் நூறு முறை திரும்பிய திருப்பத்தைத் தவறவிடுவான். எரிச்சல் என்றால் பயணியோடு சண்டை போடத் தேவையில்லை. முன்னால் நிற்பவன் நகர அரை நொடி தாமதித்ததற்கு ஹார்னை அழுத்திவிட்டு, கையை எடுக்க மறந்திருப்பான். அது போதும்.

இரண்டாவது, சிக்னலின் கடிகாரம். ஒரு தவிப்பு அலை எழுந்து, ஏறி, இறங்க வழக்கமாக மூன்று முதல் ஐந்து நிமிஷம். சிவப்பு விளக்கு 90 நொடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சை விழும்போது தவிப்பு முடிந்திருக்காது, பாதி மலையில் நிற்கும். ‘பச்சை விழுந்தது, அவன் ஜெயித்தான்’ என்று எழுதப்படும் எல்லாக் கதைகளும் இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. 24 மணி நேரம் சிகரெட் இல்லாமல் இருந்தவர்களிடம் சில நொடிகள் கழிந்தபின் ‘எவ்வளவு நேரம் ஆனது’ என்று கேட்டால், உண்மையில் ஆனதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள் என்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. நொடி எண் ஓடும் சிக்னலை இதற்காகவே கதைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும் என்று அவன் நினைத்து நிமிர்ந்து பார்க்கும்போது இருபது எண்தான் குறைந்திருக்கும். நேரம் நீண்டது என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

படி 3: சொற்களைப் பங்கிடுவது

ஏழு நாளுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். முந்தைய இரவுக்கு 200 சொல், முதல் நாளுக்கு 350, இரண்டாம் மூன்றாம் நாட்களுக்குச் சேர்த்து 750, நான்காம் நாளுக்கு ஒரே வரி, ஐந்தாம் ஆறாம் நாட்களுக்கு 500, ஏழாம் நாளுக்கு 200. நான்காம் நாளுக்கு அந்த ஒரு வரி ஏன் என்றால், அன்று எதுவும் நடக்கவில்லை என்பதுதான் செய்தி. ‘நான்காம் நாள் அவன் ஆறு மணி நேரம் தூங்கினான்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். மூன்று இரவு புரண்டவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாசகருக்குத் தெரியும்.

சிக்னல் காட்சி மூன்று முறைக்கு மேல் வேண்டாம், மூன்றும் ஒரே சிக்னலாக இருக்கட்டும். முதல் நாள் அங்கே கை பைக்குப் போகிறது, இரண்டே வரி. மூன்றாம் நாள் அங்கேதான் முழு அலையும், சுமார் 300 சொல். ஏழாம் நாள் அங்கே எதுவும் நடப்பதில்லை. அதை எப்படிக் காட்டுவது என்று பிறகு பார்ப்போம்.

படி 4: மூன்றாம் நாள் சிக்னல்

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> சிவப்பு விளக்கு எரிந்தது. அவனுக்குள் ஒரு போராட்டம். மனம் சிகரெட்டைக் கேட்டது. ‘வேண்டாம், பிள்ளைகளுக்காக’ என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டான். பச்சை விழுந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

இதில் ஒரு பொருளும் இல்லை. கை எங்கே இருந்தது, பக்கத்தில் எந்த வண்டி நின்றது, எத்தனை நொடி, எதுவும் தெரியாது. பிள்ளைகள் திடீரென்று வந்து உதவிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் தவிப்பின் உச்சத்தில் காரணங்கள் நினைவுக்கு வருவதே அபூர்வம், அப்படியே வந்தாலும் அவை சிகரெட்டின் பக்கமே வாதாடும். அதே காட்சி இப்படி இருக்கலாம்:

> 92.
>
> ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கை கியருக்குத் திரும்பவில்லை. சட்டைப் பைக்குள் போய், அங்கே மடித்திருந்த ரசீதைத் தடவிவிட்டு இறங்கியது. பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கினான். புகை வருவதற்கு முன்னால் லைட்டரின் சத்தம் வந்தது.
>
> தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். குடித்தான். திரும்ப மூடினான். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.
>
> 71.
>
> வாயில் எச்சில் ஊறியது. தாடை இறுகியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் நின்ற லாரியின் எண்ணை இடமிருந்து படித்தான். வலமிருந்து படித்தான். இலக்கங்களைக் கூட்டினான். 23. மறுபடி கூட்டினான். 24.
>
> 38.
>
> மூன்றாம் முறையும் 24 வந்தது. அதில் ஒரு சின்ன சந்தோஷம். பச்சை விழுந்ததை அவன் பார்க்கவில்லை, பின்னால் அடித்த ஹார்ன்தான் சொன்னது. வண்டி நகர்ந்தது. அது மட்டும் சிக்னலில் நிற்காமல் கூடவே வந்தது. பாலம் ஏறி, இறங்கி, அடுத்த வளைவில் ஒரு பள்ளத்துக்காக ஸ்டியரிங்கை ஒடித்தபோது இரண்டு கையும் அதன்மேல் இருந்தன. எப்போது போனது என்று தெரியவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். தவிப்பு போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கடல் அலையோடு ஒப்பிட்டார். அலையோடு மல்லுக்கு நிற்காமல், அது ஏறி இறங்குகிறவரை அதன்மேல் மிதந்துகொண்டிருப்பதைப் புகைப்பவர்களுக்குப் பயிற்சியாகவே கற்றுக்கொடுத்தார். நம் ஓட்டுநர் லாரி எண்ணைக் கூட்டுவது அப்படிப்பட்ட மிதத்தல்தான், ஆனால் கதைக்குள் அந்தச் சொல் வரக்கூடாது. அவனுக்கு அது ஒரு பயிற்சி என்று தெரியாது.

இந்தக் காட்சியில் புகை வருவதற்கு முன் லைட்டர் சத்தம் வருவதும் காரணத்தோடுதான். ஏ.சி. ஓடும் மூடிய வண்டிக்குள் இருப்பவனுக்கு வாசனையைவிடச் சத்தமும் கை அசைவும் முந்திக்கொள்ளும். தூண்டுவது புகை மட்டுமல்ல, பற்றவைக்கும் சடங்கு முழுவதும்.

படி 5: சின்ன வெற்றிகள் எவை

மிச்சமான பணத்தை எண்ணுவது, மனைவி கண் கலங்குவது, பயணி கைகொடுப்பது. இந்த மூன்றையும் தள்ளி வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் பாராட்டு வெற்றியாகத் தெரியும், கதையாகாது. அவனைத் தவிர வேறு யாருக்கும் வெற்றி என்றே தெரியாத ஒன்றைத் தேடுங்கள். அவை பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே கிடக்கும்.

முந்தைய இரவு அவன் வண்டியைக் கழுவட்டும். சாம்பல் கிண்ணத்தைக் கொட்டி, சீட்டைத் தட்டி, கடைசியில் முன்கண்ணாடியின் உட்பக்கத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒரே இழுப்பாக இழுக்கட்டும். துணியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை வரும். புகைப்பவரின் வண்டியில் கண்ணாடியின் உட்புறம் படியும் மெல்லிய படலம் அது. இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்க மங்கலாக விரிவதற்கு அதுவும் ஒரு காரணம். துணியை அலசி மறுபடி இழுத்தாலும் கொஞ்சம் வரும். மூன்றாம் முறை துடைத்துவிட்டு, போதும் என்று விட்டுவிடுகிறான்.

இதன் பலன் மூன்றாம் நாள் கிடைக்கிறது, ஆனால் அது தலைகீழான பலன். புகையை விட்ட சில நாட்களில் மோப்பம் திரும்பத் தொடங்கும். திரும்பிய மூக்கு முதலில் முகர்வது பூவையோ சாப்பாட்டையோ அல்ல, அவனுடைய சொந்த வண்டியை. ஏ.சி.யைப் போட்டதும் பழைய புகையின் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. துடைத்தாயிற்றே என்று குழம்புகிறான். நாற்றம் கூரையின் துணியிலும், பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏ.சி. காற்று வடிகட்டியிலும் தங்கியிருக்கிறது. அவன் அந்தப் பெட்டியைக் கழற்றி, வடிகட்டியை வெளியே இழுத்துப் பார்க்கும் காட்சியை எழுதுங்கள். சாம்பல் நிறம், மடிப்புகளில் இலைத் துணுக்குகள். இத்தனை நாளும் பின்சீட்டில் இருந்தவர்கள் இதைத்தான் முகர்ந்தார்கள் என்பது அவனுக்குப் புரியும், நீங்கள் சொல்லவேண்டாம். புது வடிகட்டியைப் போட்டபிறகு, ஐந்தாம் நாள் ஒரு பயணி ஏறுகிறார். உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கவில்லை. அவ்வளவுதான் வெற்றி. அந்தப் பயணிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இன்னொரு நல்ல இடம் காபி. புகையில் உள்ள தாரின் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காபியில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. இது நிகோட்டினின் வேலை அல்ல, புகையின் வேலை. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த முடுக்கம் சில நாட்களில் குறைந்துவிடும். வழக்கமான நான்கு கப் காபியே உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். ஸ்டியரிங்கில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவு தூக்கம் வரவில்லை. அவன் எல்லாப் பழியையும் சிகரெட் இல்லாததன்மேல் போடுகிறான், தூக்கம் வராததால் அடுத்த நாள் இன்னும் ஒரு கப் சேர்த்துக் குடிக்கிறான். மூன்றாம் நாள் மாலை ஸ்டாண்டில் இருக்கும் வயதான ஓட்டுநர் ஒருவர், ‘காபியப் பாதியாக்குடா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார், காரணம் எதுவும் சொல்லாமல். நான்காம் நாளின் ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு விதை இங்கே விழுகிறது.

நிகோட்டின் சூயிங்கம் கதையில் வருமென்றால் சரியாக வரட்டும். சாதாரணமாக 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு வகை. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 4. வாயில் சுள்ளென்று உறைக்கிறவரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். சாதாரணச் சூயிங்கம்போல விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். காபியோ பழரசமோ குடித்த கால் மணிக்குள் போட்டால் வாய் வழியாகச் சரியாக ஏறாது. நம் ஆள் முதல் நாள் பயணியை ஏற்றிக்கொண்டு விக்கி விக்கி ஓட்டட்டும். கதையில் சிரிக்க ஓர் இடம் தேவை, இது அதற்குப் பொருத்தம்.

படி 6: ஐந்தாம், ஆறாம் நாளின் பொறி

உடம்பு கொஞ்சம் அடங்கிவிட்டது. ஆபத்து இப்போது வேறு குரலில் பேசும், கெஞ்சாது. ‘அஞ்சு நாள் இருந்தாச்சு. அப்போ நம்மால முடியும். முடியும்னா, ஒன்னே ஒன்னு புடிச்சா என்ன?’ இது தோல்வியின் குரல் அல்ல, வெற்றியின் குரல். அதனால்தான் கேட்கிறது.

இங்கே ஸ்டாண்டை ஒரு முறை காட்டலாம். இரண்டாம் நாள் ஒருவர் பெட்டியை நீட்டியபோது அவன் சொன்னது, ‘அப்புறம்ணே.’ ஆறாம் நாள் அதே ஆள்:

> ‘ஒன்னு போடுறியா?’
>
> ‘இல்லண்ணே.’
>
> ‘ஒடம்பு சரியில்லையா?’
>
> ‘நல்லா இருக்கேன்.’
>
> ‘அப்புறம் என்ன?’
>
> ‘புடிக்கறதில்லண்ணே.’

‘அப்புறம்’ என்பதிலிருந்து ‘புடிக்கறதில்ல’ என்பதற்கு வந்தது நான்கு நாள் பயணம். அண்ணன் தோளைத் தட்டவேண்டாம். அவர் பெட்டியை மூடிவிட்டு வேறு பேச்சுக்குப் போகட்டும்.

ஆனால் கதையின் உண்மையான உச்சக்கட்டத்தைச் சிக்னலிலும் வைக்காதீர்கள், ஸ்டாண்டிலும் வைக்காதீர்கள். ரயில்வே கேட்டில் வையுங்கள். காரணம் இது: சிகரெட் இல்லாமல் கடந்த ஒவ்வொரு முறையும், அந்தச் சிக்னலுக்கும் சிகரெட்டுக்கும் நடுவில் இருந்த முடிச்சு கொஞ்சம் தளர்கிறது. ஆனால் அந்தத் தளர்வு அந்த இடத்தோடு ஒட்டியது. புதிய இடம், புதிய நேரம், மழை என்று சூழல் மாறினால் பழைய தவிப்பு கிட்டத்தட்ட முழு பலத்தோடு திரும்பி வரும். ஐந்து நாள் பகலில் ஓட்டிவிட்டு ஆறாம் நாள் இரவுச் சவாரி எடுத்தவன், பயணியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது கேட் மூடியிருக்கிறது. இன்ஜினை அணைக்கிறான். முன்னால் விளக்கு இல்லை, எண் இல்லை. லாரி எண்ணைக் கூட்டலாம் என்றால் இருட்டு. சிக்னலில் அவனைக் காப்பாற்றிய ஒவ்வொன்றையும் இங்கே பறித்துவிடுங்கள். வண்டிகளிலிருந்து இறங்கியவர்கள் தண்டவாளத்தை ஒட்டி நிற்கிறார்கள், இருட்டில் அங்கங்கே ஒரு சிவப்புப் புள்ளி ஏறி இறங்குகிறது.

இங்கே அவன் பிடிப்பானா, மாட்டானா? இதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். எழுதிக்கொண்டே போய்த் தீர்மானித்தால் பாத்திரத்தின்மேல் இரக்கப்பட்டு அவனைத் தப்பவைப்பீர்கள், அது தெரிந்துவிடும். இரண்டு வழியும் சரிதான். பிடிக்கிறான் என்றால், ஆறு நாள் கழித்து இழுக்கும் முதல் இழுப்பில் அவன் எதிர்பார்த்த சுகம் வராது, தலை கிறுகிறுக்கும். அதைவிட முக்கியம் அடுத்த பத்து நிமிஷம். ஒரு வழுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது அந்தச் சிகரெட் அல்ல, ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்கிற நினைப்புதான் என்று மார்லட் காட்டினார். அந்த நினைப்பு அவனுக்கு வருகிறதா என்பதில்தான் கதை முடிவாகும். ஆனால் அப்போது தலைப்பில் ‘புகையில்லா வாரம்’ என்று வைக்க முடியாது, அல்லது அந்தப் பொய்யே கதையாக வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால், பிடிக்காமல் இருந்ததற்கு ஒரு கைவேலை கொடுங்கள். நம் கதையில் அவன் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, முதல் நாளுக்கு முந்தைய இரவு பயன்படுத்திய அதே வெள்ளைத் துணியை எடுத்து, இருட்டிலேயே முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கத் தொடங்குகிறான். கறை தெரியாது. ரயில் வரும்போது அதன் விளக்கு கண்ணாடியில் படுகிறது, மங்கலாக விரியாமல். அலையின் மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குத் துணி போதுமானது, கேட் திறக்க இன்னும் நேரமிருந்தாலும்.

படி 7: ஏழாம் நாள்

எதுவும் நடக்கவில்லை என்பதை நேராக எழுதமுடியாது. ‘அவனுக்குச் சிகரெட் நினைவே வரவில்லை’ என்று எழுதிய நொடியிலேயே நினைவு வந்துவிட்டது. அதனால் தாமதமாகச் சொல்லுங்கள். அதே சிக்னலில் வண்டி நிற்கிறது. சவாரி இல்லை. அவன் வேறெதையோ செய்கிறான்: தேய்ந்துபோன வைப்பரைப் பார்த்து, மாற்றவேண்டும் என்று யோசிக்கிறான். பச்சை விழுகிறது, கிளம்புகிறான். இரண்டு சிக்னல் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தபின் கை கியர்மேலேயே கிடப்பதை எதேச்சையாகப் பார்க்கிறான். அப்போதுதான் பின்னால் கடந்துவந்ததை எண்ணுகிறான். கதை அந்தக் கையில் நிற்கலாம்.

ஏழாம் நாளோடு எல்லாம் முடிந்தது என்ற தொனி வரக்கூடாது. நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்றும் எழுதாதீர்கள். ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இயல்புக்கு வரும் என்பது உண்மை, நுரையீரலுக்கு ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. சிலருக்கு இந்த வாரத்தில் இருமல் கூடவே செய்யும். இருமல் நின்றதாகக் காட்டி முடிக்கும் கதைகள் அதனால்தான் பொய்யாகத் தெரிகின்றன.

எழுதி முடித்த பிறகு

மூன்றாம் நாள் சிக்னல் காட்சியைச் சத்தமாக வாசித்து நேரத்தைப் பாருங்கள். நடுவில் ஓடும் 90 நொடியைப் படிக்க 40 நொடிக்கும் குறைவாக ஆனால் காட்சி அவசரமாக இருக்கிறது என்று பொருள், இரண்டு நிமிஷத்தைத் தாண்டினால் தவிப்பை வருணிக்கத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு ‘போராட்டம்’, ‘மனஉறுதி’, ‘வென்றான்’ ஆகிய சொற்களைத் தேடி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கை எங்கே இருந்தது என்று எழுதுங்கள்.

கடைசியாக, சிகரெட்டை விட்டவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவேண்டாம். படிக்கும்போது எந்த வரியில் கை தன் சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் காட்டும் வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத் திருத்துங்கள்.